பொருநைக்கரை சமையல், பாளையங்கோட்டை: நெல்லைச் சொதி, உளுந்தஞ்சோறு, கூட்டாஞ்சோறு, நாட்டுக்கோழி, பரோட்டா சால்னா

திருநெல்வேலி வீட்டுச் சாப்பாடு · சைவம், அசைவம் · மதியச் சாப்பாடு, இரவு டிபன் · முருகன்குறிச்சி, பாளையங்கோட்டை

அல்வா தேடி வந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இங்கே அல்வா கிடையாது. அதற்கு டவுனில் கடைகள் இருக்கின்றன, நன்றாகவே கிண்டுகிறார்கள். நெல்லைக்காரர்கள் வீட்டில் இலை போட்டால் என்ன பரிமாறுவார்களோ அதைத்தான் நாங்கள் சமைக்கிறோம். பெட்டியில் அடைத்து அரை மணி நேரம் வண்டியில் போனாலும் ருசி கெடாத பதார்த்தங்களை மட்டுமே இந்தச் செயலியில் ஏற்றியிருக்கிறோம்.

சொதிச் சாப்பாடு – 170 ரூபாய்

எங்கள் அடுப்பில் முதல் மரியாதை இதற்குத்தான். கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடும் அதே சொதி. மாப்பிள்ளைச் சொதி, சொதிக் குழம்பு, தேங்காய்ப்பால் குழம்பு என்று எந்தப் பெயரில் தேடினாலும் நீங்கள் வந்து சேர வேண்டிய இடம் இதுதான். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுக்கிறோம். மூன்றாம் பாலில் முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பச்சைப் பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் வேகும். வறுத்து வேகவைத்த பாசிப்பருப்பும் இரண்டாம் பாலும் அதன் பிறகு சேரும். முதல் பால் ஊற்றியதும் நுரை கட்டும்போதே இறக்கிவிடுவோம்; கொதிக்க விட்டால் திரிந்துவிடும். புளிக்கும் மிளகாய்த்தூளுக்கும் இதில் வேலையே இல்லை. காரத்துக்குப் பச்சை மிளகாயும் இஞ்சியும், புளிப்புக்கு இறக்கிய பின் பிழியும் எலுமிச்சையும்.

கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு காரக்கறி, அப்பளம். இஞ்சிப் பச்சடியை ஒதுக்கி வைக்காதீர்கள். இவ்வளவு தேங்காய்ப்பால் வயிற்றில் இறங்கினால் கண் சொக்கும், செரிக்கவும் நேரமாகும், பச்சடி அதற்குத்தான். “பச்சடி வேண்டாம், இன்னொரு அப்பளம் போடுங்கள்” என்று குறிப்பு எழுதுபவர்களுக்கு அப்பளத்தோடு பச்சடியையும் சேர்த்தே அனுப்புகிறோம். வீட்டில் சூடுபடுத்தும்போது சிறு தீயில் வையுங்கள், கொதிக்க விடாதீர்கள்.

இரவில் இதே சொதி இடியாப்பத்துடன் (நான்கு, 100 ரூபாய்) அல்லது ஆப்பத்துடன் (மூன்று, 100 ரூபாய்) வரும்.

உளுந்தஞ்சோறு – 130 ரூபாய்

உளுந்தம்பருப்புச் சோறு, உளுந்து சாதம், கறுப்பு உளுந்து சாதம் எல்லாம் இதுவே. தொலியோடு உடைத்த உளுந்தை மணம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, அரிசி, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்த் துருவலுடன் குழையாமல் வடிப்போம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல், அவியல். நல்லெண்ணெய் ஒரு சிறு குப்பியில் தனியாக வரும். அதை ஊற்றாமல் சாப்பிட்டுவிட்டுச் சோறு வறட்சியாக இருக்கிறது என்று விமர்சனம் எழுத வேண்டாம். அசைவக்காரர்கள் இதோடு நாட்டுக்கோழிக் குழம்பு சேர்த்து வாங்கலாம் (250 ரூபாய்). எங்களைக் கேட்டால் அந்தச் சேர்க்கைக்குத்தான் எங்கள் ஓட்டு.

கூட்டாஞ்சோறு – 120 ரூபாய்

அரிசியும் துவரம்பருப்பும் காய்களும் ஒரே பானையில். கத்தரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், காலத்தில் மாங்காய், இறக்கும் நேரத்தில் முருங்கைக்கீரை. தேங்காய், மிளகாய், சீரகம் அரைத்து விட்டு, கொஞ்சம் புளி. பொரித்த கூழ் வடகம் தனிப் பொட்டலத்தில் வரும். பிசிபேளாபாத் தேடி இங்கே வந்தவர்கள் வாங்கிப் பார்க்கலாம், ஆனால் அந்த மசாலா வாசனையை எதிர்பார்க்காதீர்கள்.

தினசரி மதியச் சாப்பாடு – 140 ரூபாய்

புழுங்கலரிசிச் சாதம், இடிசாம்பார், ரசம், மோர், கூட்டு, பொரியல், அப்பளம். இடிசாம்பாருக்கு மல்லி, மிளகாய், பருப்பு எல்லாம் அன்றன்று வறுத்து இடிப்பது. பாக்கெட் பொடி கிடையாது. செவ்வாய்க்கிழமை சாம்பாருக்குப் பதில் சுண்டைவற்றல் புளிக்குழம்பு, வியாழக்கிழமை தீயல்.

மீன் குழம்புச் சாப்பாடு – 220 ரூபாய்

தூத்துக்குடியிலிருந்தும் உவரியிலிருந்தும் காலையில் மீன் வந்தால்தான் இது பட்டியலில் தெரியும். நெய்மீன், வஞ்சிரம் என்று தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நாள்களில் நாட்டுப்படகில் வரும் சாளை, நெத்திலி ஆகியவற்றை வைத்தே குழம்பு. விலை 160 ஆகக் குறையும். ருசி குறையாது, சாளைக் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்று நெல்லையில் யாரிடமும் வாதாடித் தெரிந்துகொள்ளத் தேவையில்லை.

இரவு டிபன்: பரோட்டா, கொத்துப் பரோட்டா, நாட்டுக்கோழி

பரோட்டா, புரோட்டா, எப்படித் தட்டச்சு செய்தாலும் சரி. பரோட்டா ஒன்று 18 ரூபாய், சால்னா இலவசம். முட்டைக் கொத்து 110, கோழிக் கொத்து 150, நாட்டுக்கோழி மிளகுச் சுக்கா 250. எண்ணெய்ப் பரோட்டா கடையில் உண்டு, செயலியில் இல்லை. பெட்டிக்குள் ஆவி கட்டினால் அதன் மொறுமொறுப்பு பாலம் தாண்டுவதற்குள் போய்விடும். அதை விரும்புபவர்கள் நேரில் வந்து கல்லருகே உட்காருங்கள். கொத்துப் பரோட்டாவுக்கு அந்தக் கவலை இல்லை.

பிரியாணி ஞாயிறு மதியம் மட்டும்: சீரகச் சம்பாக் கோழிப் பிரியாணி, 190 ரூபாய், தீரும்வரை. மட்டன் பிரியாணி செய்வதில்லை.

இனிப்பு

உளுந்தங்களி, 60 ரூபாய். உடன்குடிக் கருப்பட்டி, நல்லெண்ணெய். சூடாக வரும், ஆறினாலும் பரவாயில்லை. மாலையில் சுக்குக் காபியும் உண்டு.

வாங்குமுன் ஒரு வார்த்தை

இது தூய சைவ உணவகம் அல்ல. சைவத்துக்கும் அசைவத்துக்கும் அடுப்பு, பாத்திரம், கரண்டி எல்லாம் தனித்தனி, சமையலறை ஒன்றே. அது மனதுக்கு ஒப்பாதவர்கள் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் வாங்கலாம்; அன்று அசைவமே சமைப்பதில்லை. தேங்காய், எள், கோதுமை ஒவ்வாதவர்கள் குறிப்பில் எழுதுங்கள், எதைத் தவிர்க்கலாம் என்று அழைத்துச் சொல்கிறோம். தேங்காய் இல்லாத சொதி மட்டும் கேட்காதீர்கள்.

குழம்பு, ரசம், சால்னா எல்லாம் மூடி இறுகிய டப்பாவில். சோறு வாழையிலை விரித்த பெட்டியில். பிளாஸ்டிக் கரண்டி கேட்டால் மட்டுமே.

மதியம் 12 முதல் 3 மணி வரை, இரவு 6.30 முதல் 10.30 வரை. சொதி பெரும்பாலும் 2 மணிக்கே தீர்ந்துவிடும். சமாதானபுரம், ஹைகிரவுண்ட், பெருமாள்புரம், தியாகராஜ நகர், மகாராஜ நகர், கே.டி.சி. நகர், என்.ஜி.ஓ. காலனி, வண்ணார்பேட்டை வரை வழக்கமான கட்டணம். சுலோச்சன முதலியார் பாலம் தாண்டிச் சந்திப்புக்கும் டவுனுக்கும் 20 ரூபாய் கூடுதல். ஆனித் தேரோட்ட நாளில் ரத வீதிகளுக்குள் வண்டி போகாது. டவுன்காரர்கள் அன்று ஆர்ச் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்துப் பேருக்கு மேல் சொதி விருந்து வேண்டுமென்றால் முதல் நாள் மாலை 5 மணிக்குள் சொல்லிவிடுங்கள். தேங்காய் உடைக்க ஆள் வேண்டும்.