நுவரெலியாவில் முதல் ஓட்டம்: 12 வார நினைவூட்டல்கள்

ஜனவரி முதல் வாரம் தொடக்கம். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை 6.30, கிரகரி வாவிக் கரை. தோட்டத்து ரோட்டு வேண்டாம். இறக்கத்தில்தான் முழங்காலும் அதற்குக் கீழே முன்பக்க எலும்பும் அடிபடும். எந்த நாளும் முன்னும் பின்னும் 5 நிமிடம் வேகநடை.

வாரம் 1, செவ்வாய்: 1 நிமிட ஓட்டம், 2 நிமிட நடை, 8 தடவை. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் சீக்கிரம் மூச்சு வாங்கும். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது, குறையுங்கள்.

புதன், ஓய்வு: படி இறங்கும்போது தொடை வலிக்கிறதா? சில நாளில் போகும் வலிதான். நடக்கலாம், ஓட வேண்டாம்.

வாரம் 2: அதே அளவு, 10 தடவை. உறைபனி விழுந்த காலையில் புல்லிலும் மரப்பலகையிலும் கால் வழுக்கும். வெயில் ஏறும்வரை பொறுங்கள்.

வாரம் 3: 2 ஓட்டம், 2 நடை, 6 தடவை.

வாரம் 4, வியாழன்: 3 ஓட்டம், 2 நடை, 5 தடவை. உடம்பு இலேசாகத் தெரிவதால் எல்லாரும் வேகத்தைக் கூட்டும் வாரம் இது. மூச்சு பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பிந்தித்தான் பழகும். தயவுசெய்து கூட்டாதீர்கள்.

வெள்ளி, ஓய்வு: முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். நீளத்துக்கும் இலேசாக நோகுதா, ஒரே புள்ளியில் சுள்ளென்று வலிக்குதா? புள்ளி வலியென்றால் ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். பதில் அனுப்பாமல் இருக்காதீர்கள்.

வாரம் 5: 4 ஓட்டம், 2 நடை, 4 தடவை.

வாரம் 6: மீண்டும் 4ஆம் வார அளவு. இது பின்னடைவு இல்லை, கால் தேறுவதற்கான வாரம்.

வாரம் 7: 5 ஓட்டம், 2 நடை, 4 தடவை.

சனி, ஓய்வு: மழையில் சப்பாத்து நனைந்ததா? அடுப்படியில் வைத்தால் பசை விட்டுவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணியுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். நாளைக்குக் காய்ந்த மேசு இருக்கிறதா?

வாரம் 8: 8 ஓட்டம், 2 நடை, 3 தடவை.

வாரம் 9, ஞாயிறு: 10 ஓட்டம், 2 நடை, 10 ஓட்டம். வெறும் தேத்தண்ணியோடு வராதீர்கள். அரை மணிநேரம் முன்பு ஒரு வாழைப்பழம். நெஞ்சு இறுகினாலோ தலை சுற்றினாலோ உடனே நின்று சொல்லுங்கள்.

திங்கள், ஓய்வு: நேற்று எத்தனை மணிநேரம் தூங்கினீர்கள்? ஆறுக்குக் குறைவு என்றால் செவ்வாய் ஓட்டம் பாதி.

வாரம் 10: 15 ஓட்டம், 2 நடை, 10 ஓட்டம். முடியாமல் போனால் 9ஆம் வாரத்தையே இன்னொரு தடவை செய்யுங்கள்.

வாரம் 11: 20 ஓட்டம், 2 நடை, 5 ஓட்டம்.

வாரம் 12: செவ்வாய் 20, வியாழன் 15, ஞாயிறு 30 நிமிடம், நிற்காமல். முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடுங்கள். அங்கே அவசரப்பட்டவர்களே 20ஆம் நிமிடத்தில் நின்றுவிடுவார்கள்.

திங்கள், ஓய்வு: கால் எப்படி? நாளைக்கு 20 நிமிடம் மட்டும். அதே இடம், 6.30.