பதில்: கிள்ளான் கடையில் சேலையைப் பெற்றுக்கொள்ளும் வசதி – மாற்றக் கோரிக்கைப் படிவம் எண் 4

14 செப்டம்பர் 2026, கோலாலம்பூர்

வணக்கம் ஐயா,

சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் நீங்கள் கேட்டது: இணையத்தில் ஆர்டர் செய்பவர் மஸ்ஜித் இந்தியா கடை, கிள்ளான் கடை இரண்டில் எதில் சரக்கு இருக்கிறதென்று பார்த்து, அங்கேயே போய் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் “ஒரு பட்டன் சேர்த்தால் போதும்” என்று எழுதியிருந்தீர்கள். அது அப்படியில்லை. ஏன் என்று சொல்லிவிட்டுச் செலவுக்கு வருகிறேன்.

இப்போதைய அமைப்பில் ஒரு சேலைக்கு ஒரே ஓர் இருப்பு எண்தான். கிள்ளான் கல்லா இரவு 11 மணிக்கு ஒரு முறை மட்டுமே கணக்கை அனுப்புகிறது. பட்டுச் சேலைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு துண்டு. மதியம் 3 மணிக்குக் கிள்ளான் கவுண்டரில் விற்றுப்போன சேலை, இரவு 11 வரை இணையத்தில் விற்பனைக்கு நிற்கும். 5 மணிக்கு ஒருவர் பணம் கட்டி, ஆறு மணிக்குக் கடை வாசலில் வந்து நிற்பார். தீபாவளி நெரிசலில் பணத்தைத் திருப்பித் தருவதும் மன்னிப்புக் கேட்பதும் உங்கள் கல்லாப் பையன் தலையில் விழும். இதைத் தவிர்க்க, பட்டனுக்கு அடியில் இருக்கும் இருப்புக் கணக்கையே மாற்ற வேண்டும்.

மாற்றக் கோரிக்கைப் படிவம்

ஒப்பந்தத்தில் இருந்தது: ஜூனில் இருவரும் கையெழுத்திட்ட ஆவணம், பக்கம் 9: “இருப்பு ஒரே இடம், வீட்டுக்கு அனுப்புதல் மட்டும்.” இரண்டாவது கடை இருப்பது தெரிந்தும் அதைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அது எங்கள் பிழை. ஆகவே ஆய்வுக்கான 1 நாளுக்குக் கட்டணம் இல்லை.

வேலை (ஒரு ஆள்-நாள் 900 ரிங்கிட்):
கடைவாரி இருப்பு அட்டவணையும் பழைய தரவை மாற்றுவதும் – 2 நாள்
கிள்ளான் கல்லாவை 10 நிமிடத்துக்கு ஒரு முறை இணைப்பது – 4
கடை தேர்வுத் திரை – 3
சேலையை 30 நிமிடம் பிடித்து வைப்பது, காலாவதியானால் விடுவிப்பது, ஊழியர் உறுதிசெய்யும் திரை – 3
மறுசோதனை – 4
கிள்ளான் ஊழியர் பயிற்சி – 1
மொத்தம் 17 நாள்: 15,300 ரிங்கிட். சேவை வரி 8%: 1,224. ஆக 16,524 ரிங்கிட்.

மறுசோதனை ஏன் 4 நாள்? ஏற்புச் சோதனையின் 58 சோதனைகளில் 41 தேறிவிட்டன. அவற்றில் இருப்பைத் தொடும் 23-ஐ மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும். இதைச் சுருக்கச் சொல்லாதீர்கள் ஐயா. இரட்டை விற்பனை அங்கேதான் பிடிபடும்.

வழிகள்:

*அ.* முழு வசதியும் தீபாவளிக்கு முன். இரண்டு பேர் செய்தாலும் சில வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். இணையக் கடையின் திறப்பு 11 வேலை நாள் தள்ளும். 5 அக்டோபருக்குப் பதில் 20 அக்டோபர். தீபாவளி 8 நவம்பர். விற்பனைக்கு 19 நாள்தான் மிஞ்சும். ஏதாவது பழுது வந்தால் சரிசெய்ய அவகாசம் இல்லை. செலவு 16,524 ரிங்கிட்.

*ஆ.* 5 அக்டோபரில் இருப்பதைத் திறந்துவிட்டு, 16 நவம்பரில் தொடங்கி 2 டிசம்பரில் முடிப்பது. ஓடிக்கொண்டிருக்கும் கணக்கை மாற்ற 2 நாள் கூடும்: 19 நாள், வரியுடன் 18,468 ரிங்கிட். தள்ளிப்போட்டால் மலிவாகாது, 1,944 ரிங்கிட் ஏறும்.

*இ.* “கிள்ளான் கடையில் வாங்கிக்கொள்கிறேன்” என்ற ஒரு தேர்வு மட்டும். சேலை எப்போதும் மஸ்ஜித் இந்தியா இருப்பிலிருந்தே கழியும். மறுநாள் உங்கள் வேனில் கிள்ளானுக்குப் போகும். வந்ததும் ஊழியர் ஒரு பொத்தானை அழுத்த, வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். 3 நாள், வரியுடன் 2,916 ரிங்கிட். தேதி தள்ளாது, ஆனால் நாங்கள் கையில் வைத்திருந்த 2 நாள் அவகாசம் தீர்ந்துவிடும். குறை: கிள்ளானில் மட்டும் உள்ள சேலைகள் இணையத்தில் தெரியாது, அன்றே வாங்கவும் முடியாது.

எங்கள் பரிந்துரை இ. தீபாவளி முடிந்ததும் எத்தனை பேர் கிள்ளானைத் தேர்ந்தெடுத்தார்கள் என்ற எண் கையில் இருக்கும். குறைவாக இருந்தால் ஆ-வுக்குச் செலவழிக்கவே வேண்டாம். இ-க்குச் செய்த திரையும் செய்தியும் ஆ-விலும் பயன்படும். அப்போது 2 ஆள்-நாள் கழித்துக்கொள்வோம்.

கட்டணம்: அ, ஆ – தொடங்கும்போது பாதி, ஏற்புக்குப் பின் பாதி. இ – ஏற்புக்குப் பின் மொத்தமும்.

செல்லுபடி: இந்தத் தேதிகள் 17 செப்டம்பர் வியாழன் மாலை 5 வரை மட்டும். புதன் மலேசிய தின விடுமுறை. வியாழன் மாலைக்குப் பின் முடிவு வந்தால் இ-யும் 5 அக்டோபருக்குள் அடங்காது. பதில் வரும்வரை எதையும் தொடமாட்டோம். இப்போதுள்ள சோதனை அட்டவணைப்படியே நடக்கும்.

இந்த மின்னஞ்சலுக்கே “இ சம்மதம்” என்பதுபோல் ஒரு வரி எழுதினால் போதும். வாட்ஸ்அப்பில் வேண்டாம் ஐயா. பிறகு தேடினால் கிடைக்காது. நாளை காலை 10 மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழையுங்கள், கடைக்கே வந்து திரையில் காட்டுகிறேன்.

நன்றி.
திட்ட மேலாளர், பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகம்