முப்பத்தாறு தலை, ஒரு குழாய்

(6 முதல் 8 வரையிலான வகுப்பு மாணவர்கள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நடிப்பதற்கான நாடகம். நேரம் சுமார் 10 நிமிடம்.)

இடம்: ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் கிழக்குத் தெரு. ஒன்பது வீடு, ஒரே தெருக்குழாய். இரண்டு நாளுக்கு ஒருமுறை, காலை 6 மணி முதல் 7 மணி வரை காவிரித் தண்ணீர் வரும். துணி துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் போர்த் தண்ணீர்; அது உப்பு.

நடிப்பவர்கள்
செல்வி – எட்டாம் வகுப்பு
முருகன் – அவள் தம்பி, கணக்கில் பிரியம் உள்ளவன்
பாத்திமா – செல்வியின் தோழி
மாரி – தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பையன்
காளியம்மாள் – குழாய் இருப்பது இவர் வீட்டு வாசலில்
அப்பத்தா – தனியாக வாழ்பவர்
தாத்தா – செல்வியின் தாத்தா, கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர்
பாண்டி – ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர்
தெருப்பிள்ளைகள் – ஆறு பேர், ஆளுக்கொரு காலிக் குடத்துடன்

நடிக்கும் முன்: நாற்காலியில் ஒரு பைப் துண்டைக் கட்டினால் அதுதான் குழாய். தண்ணீர் வேண்டாம். குடம் நிறைவதைத் தெருப்பிள்ளைகள் காலிக் குடத்தில் தட்டிக் காட்டுவார்கள். முதலில் மெதுவாக, நிறைய நிறைய வேகமாக. தண்ணீர் தரையில் போகும்போது தட்டுவதை நிறுத்திவிட்டு வாயால் 'சர்ர்ர்' என்பார்கள். காளியம்மாளாக நடிக்கும் மாணவி அவரைக் கெட்டவராக்கிவிடக் கூடாது. பெரிய குடும்பத்துக்குத் தினமும் உலை வைக்கிறவர் அவர். அந்தக் கவலைதான் குரலில் தெரிய வேண்டும்.

காட்சி 1
(விடியற்காலை. குழாய் முன்னால் குடங்கள் வரிசையாக. முருகன் ஓரமாக நின்று அப்பாவின் செல்போனைப் பார்ப்பதும் நோட்டில் குறிப்பதுமாக இருக்கிறான்.)

பாண்டி: (உள்ளிருந்து) தண்ணி விட்டாச்சு!

(குடத் தட்டல் தொடங்குகிறது.)

காளியம்மாள்: தள்ளு, தள்ளு. ராத்திரியே வந்து குடம் போட்டு வச்சிருக்கேன்.

பாத்திமா: அத்தை, நீங்க போட்டது ஒரு குடம். இப்ப பன்னெண்டு நிக்குது!

காளியம்மாள்: ஒண்ணு போட்டா பின்னால வர்றதும் அதோட சேர்த்திதான். குழாய் யாரு வாசல்ல இருக்கு?

செல்வி: வாசல் உங்களுது. குழாய் ஊராட்சியோடது.

காளியம்மாள்: பள்ளிக்கூடத்துல இதத்தான் சொல்லிக் குடுக்குறாங்களா? பெரியவங்கள எதுத்துப் பேசவா?

(அவர் ஒரு குடத்தை எடுக்கிறார். பாத்திமா தன் குடத்தைக் குழாயடியில் நுழைக்கிறாள். இருவரும் இழுக்கிறார்கள். தட்டல் நிற்கிறது. 'சர்ர்ர்...' இந்தச் சத்தம் சண்டை முடியும் வரை நிற்கவே கூடாது.)

அப்பத்தா: ஆத்தா, எனக்கு ஒரு குடம் மட்டும் விடுங்கத்தா. இடுப்பு வலிக்குது, ரொம்ப நேரம் நிக்க முடியல.

மாரி: எங்களுக்கு முந்தின தடவையும் கிடைக்கல அத்தை. இன்னைக்காச்சும்...

காளியம்மாள்: வாடகைக்கு வந்தவுக கடைசியில பிடிங்க. நாங்க பொறந்ததுல இருந்து இங்கிட்டுத்தான் இருக்கோம்.

(எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். தள்ளுமுள்ளு. மாரியின் குடம் உருண்டு ஓடுகிறது. 'சர்ர்ர்' மெல்லக் குறைந்து நிற்கிறது. எல்லோரும் குழாயைப் பார்க்கிறார்கள்.)

மாரி: (குடத்தை எடுத்துத் தட்டிக்கொண்டு) காலி. தங்கச்சிக்கு அம்மா எதுல கஞ்சி காய்ச்சும்?

(யாரும் பதில் சொல்லவில்லை. ஒவ்வொருவராகக் கலைகிறார்கள்.)

காட்சி 2
(அன்று சாயங்காலம். செல்வி வீட்டுத் திண்ணை. தாத்தா உட்கார்ந்திருக்கிறார். அப்பத்தா தூணில் சாய்ந்திருக்கிறார். பிள்ளைகள் கீழே.)

முருகன்: ஒரு குடம் 15 லிட்டர். நிறைய ஒன்றரை நிமிசம் ஆகுது. மூணு தடவ பாத்துட்டேன். அப்ப ஒரு மணி நேரத்துல எத்தனை குடம்?

(முருகன் இதைக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். பதில் வரும் வரை காத்திருக்கவும், வந்துவிடும்.)

முருகன்: நாப்பது! இன்னைக்கு நம்ம தெருவுல நிறைஞ்சது எத்தனை தெரியுமா? முப்பத்தொண்ணு.

பாத்திமா: மிச்சம் ஒம்பது?

முருகன்: தரையில. 135 லிட்டர். நீங்க சண்டை போட்டப்ப நான் எண்ணிக்கிட்டே இருந்தேன்.

மாரி: ஒம்பது குடமா! எங்க வீட்டுக்கு நாலு போதுமே.

செல்வி: சரி. வீட்டுக்கு இத்தனைன்னு பிரிச்சிருவோம். ஒம்பது வீடு, நாப்பது குடம். வீட்டுக்கு நாலு.

பாத்திமா: அதெப்படி? எங்க வீட்டுல ஆறு பேரு. அப்பத்தா ஒரே ஆளு. ரெண்டு வீட்டுக்கும் நாலுன்னா சரியா வருமா?

மாரி: அப்ப தலைக்கு ஒண்ணு.

முருகன்: (நோட்டைப் பார்த்து) காளியம்மா அத்தை வீடு 8, பாத்திமா வீடு 6, நம்ம வீடு 5, மாரி வீடு 4, அப்பத்தா 1, அந்தப் பக்கத்து நாலு வீடும் சேந்து 12. மொத்தம் முப்பத்தாறு தலை. சரியா வருதே!

அப்பத்தா: எனக்கு ஒண்ணா? ரெண்டு நாளைக்கு? ஏன்டா, ஆளு ஒண்ணுன்னாலும் அடுப்பு எரியத்தான செய்யுது. உலை வைக்கணும், அரிசி களையணும், மாத்திரை முழுங்கணும். கேக்க வேணாம்னுதான் நெனச்சேன். கேட்டுட்டேன்.

செல்வி: கேட்டது நல்லதுதான் அப்பத்தா. நாங்க தலைய மட்டும் எண்ணிட்டோம். எந்த வீடா இருந்தாலும் ரெண்டுக்குக் குறையக் கூடாதுன்னு வச்சுக்குவோம். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஒண்ணு கூட.

முருகன்: முப்பத்தாறும் ரெண்டும் முப்பத்தெட்டு. இன்னும் ரெண்டு இருக்கு.

தாத்தா: அத எழுதாத. குழாய்ல முதல்ல காத்து வரும். எவன் கையாவது நழுவும். அதுக்கு இருக்கட்டும்.

பாத்திமா: ஜல் ஜீவன் திட்டத்துல கிராமத்துல ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு வச்சிருக்காங்க. டீச்சர் சொன்னாங்க. நமக்கு எவ்வளவு வருது முருகா?

முருகன்: தலைக்கு ஒரு குடம், ரெண்டு நாளைக்கு. அப்ப ஒரு நாளைக்கு ஏழரை லிட்டர்.

பாத்திமா: நாம ஒழுங்காப் பங்கு போட்டாலும் இது பத்தாது. மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்குக் கிராம சபை நடக்கும்ல, அங்க மனு குடுக்கணும். தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போடணும்.

(காளியம்மாள் வருகிறார். கொஞ்சம் தள்ளியே நிற்கிறார்.)

காளியம்மாள்: என்னமோ தெருவையே பங்கு போடுறீகளாமே. என் வீட்டுல எட்டுப் பேரு. எழுதிக்கிட்டீகளா?

முருகன்: அத்தை, பெரிய அண்ணன் இப்ப ஊர்ல...

தாத்தா: முருகா. அத்தை எட்டுன்னு சொன்னா எட்டு. எழுது.

செல்வி: அத்தை, யாரு முதல்ல பிடிக்கிறதுன்னு சீட்டுக் குலுக்கப் போறோம். அடுத்த தடவ, முதல் வீடு கடைசிக்குப் போயிரும், ரெண்டாவது வீடு முதலுக்கு வரும். அப்படியே சுத்தும்.

காளியம்மாள்: என் வாசல்ல இருக்கிற குழாய்க்கு நான் சீட்டு எடுக்கணுமா?

தாத்தா: உக்காரு காளியம்மா. கம்மாயில தண்ணி குறைஞ்ச வருசமெல்லாம் தலைமடைக்காரன் எங்கிட்ட இதே பேச்சுதான் பேசுவான். "என் வயல ஒட்டித்தான வாய்க்கா போகுது"ம்பான். ஒட்டித்தான்யா போகுது, ஆனா உன் வயலோட நிக்கலயேம்பேன். கடைமடையில பயிர் காயிறப்ப நான் முதல்ல அங்கதான் திருப்பிவிட்டேன். ராத்திரி மண்வெட்டியோட வாய்க்கா கரையிலயே படுத்துக் கிடப்பேன்.

மாரி: உங்கள யாரும் அடிக்க வரலயா தாத்தா?

தாத்தா: வந்தாக. ஆனா மடையத் திறக்குறதும் அடைக்குறதும் நான் ஒருத்தன்தான்னு ஊரே கூடி வச்சது. ஏன் எங்கிட்ட குடுத்தாகன்னா, அந்தக் கம்மாத் தண்ணி பாயிற வயல்ல எனக்குன்னு ஒரு குழி நிலம் கிடையாது.

பாத்திமா: அப்ப இங்க யாரு நோட்டு வச்சிக்கிறது? நம்ம எல்லாருக்கும் இந்தத் தெருவுல வீடு இருக்கே!

(எல்லோரும் யோசிக்கிறார்கள். செல்வி சுவரைப் பார்க்கிறாள்.)

செல்வி: நோட்டே வேணாம். அத்தை, உங்க வீட்டுச் சுவர்ல, குழாய்க்கு மேல எழுதிக்கலாமா? சாக்பீஸ்லதான். வீடு, தலை, குடம், எல்லாம். எல்லாரும் பாப்பாங்க.

காளியம்மாள்: (நீண்ட நேரம் யோசித்து) போன பொங்கலுக்குத்தான் வெள்ளை அடிச்சேன். (நிறுத்தி) பெரிசா எழுதாத.

காட்சி 3
(இரண்டு நாள் கழித்து, விடியற்காலை. குழாய்க்குப் பின்னால் அட்டைச் சுவர். அதில் சாக்பீஸ் எழுத்து. அப்பத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.)

பாண்டி: (உள்ளிருந்து) தண்ணி விட்டாச்சு!

(தட்டல். ஒரு குடம் நிறையும் முன்பே அடுத்த குடம் பக்கத்தில் தயார். மாற்றும்போது 'சர்' என்று ஒரே நொடிதான். முருகன் ஒவ்வொரு குடத்துக்கும் சுவரில் ஒரு கோடு போடுகிறான்.)

முருகன்: அப்பத்தா, ரெண்டு, முடிஞ்சது! மாரி வீடு வாங்க!

(மாரி குடத்தை வைக்கிறான். முன்பு உருண்ட அதே குடம். நிறையும் வரை அதையே பார்க்கிறான். பிறகு பாத்திமா, மற்ற வீடுகள், காளியம்மாள். வேகமாக மாறி மாறி வந்து போகிறார்கள்.)

காளியம்மாள்: (குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு) எட்டு. என்னுது ஆச்சு. இப்ப யாரு?

செல்வி: எங்க வீடு. சீட்டுல கடைசி.

காளியம்மாள்: எழுதினவ நீ. உன் வீட்ட மேல எழுதியிருக்கலாம்ல?

செல்வி: எல்லாரும் பாக்குற சுவராச்சே அத்தை.

(செல்வி மூன்று குடம் பிடிக்கிறாள். நான்காவதை வைக்கும்போது தட்டல் தளர்ந்து நிற்கிறது.)

முருகன்: என்னாச்சு? இன்னும் ஆறு நிமிசம் இருக்கு!

பாண்டி: (மேடைக்கு வந்து) கரண்டு போயிருச்சுப்பா, தொட்டி நிறையல. இன்னைக்கு இவ்வளவுதான்.

முருகன்: நமக்கு ரெண்டு குடம் குறையுது. அக்கா, நம்ம வீட்டுக்கு மட்டும்தான்!

பாத்திமா: எங்கதுல ஒண்ணு எடுத்துக்கோ.

செல்வி: ஆறு பேருக்கு ஆறுதான வச்சிருக்க. வேணாம். (சுவரில் எழுதுகிறாள்) செல்வி வீடு, பாக்கி 2. அடுத்த தடவ முதல்ல இந்த ரெண்டு, அப்புறம்தான் வரிசை.

பாண்டி: இத யாரு எழுதினது? பக்கத்துத் தெருவுல தினமும் எங்கிட்டதான் சண்டைக்கு வர்றாக. அவுகளையும் வந்து பாக்கச் சொல்றேன்.

பாத்திமா: அண்ணே, மனுவுலயும் கையெழுத்துப் போடுங்க. தொட்டி நிறையலன்னு நீங்க சொன்னாத்தான் எடுபடும்.

(பாண்டி மனுவை வாங்கிப் படிக்கிறார். பேனா கேட்கிறார். மற்றவர்கள் குடங்களைத் தூக்குகிறார்கள். காளியம்மாள் மட்டும் சுவர் முன்னால் நிற்கிறார்.)

காளியம்மாள்: செல்வி. அந்த சாக்பீஸக் குடு.

செல்வி: என்ன அத்தை, தப்பா எழுதிட்டேனா?

காளியம்மாள்: பெரியவன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். தீபாவளிக்குத்தான் வருவான். (தன் வீட்டு எண்ணைச் சேலைத் தலைப்பால் அழித்து, 7 என்று எழுதுகிறார்.) இன்னைக்கு ஒண்ணு கூடுதலாப் பிடிச்சிட்டேன். இந்தா, இத உள்ள கொண்டு போ. பாக்கி ரெண்ட ஒண்ணா மாத்து.

(முருகன் ஓடிப்போய்ச் சுவரில் 2-ஐ 1 ஆக்குகிறான். செல்வியும் காளியம்மாளும் குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.)

அப்பத்தா: (பின்னாலிருந்து) பாத்து தூக்குங்கடி, சிந்தாம!

(திரை)