கடைசிக் குச்சி: வடிவமைப்புக் குறிப்பு

ஒரே வரியில்: இருட்டறை. கையில் சில தீக்குச்சிகள். வெளிச்சம் இருக்கும்போது பார்த்து வைத்துக்கொண்டு, அணைந்த பிறகு நினைவை நம்பி வாசலுக்கு நடக்க வேண்டும்.

இந்தக் குறிப்பு முதலில் எனக்கு, அப்புறம் சோதித்துப் பார்க்கப்போகும் இரண்டு நண்பர்களுக்கு. வேலைக்கு நடுவில் புது யோசனை வந்தால் முதலில் இங்கே வந்து பார்ப்பேன். "பார்ப்பதா, நடப்பதா" என்ற திண்டாட்டத்தை அது கூட்டினால் சேர்க்கலாம். அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் சேர்ப்பதில்லை.

ஆட்டம் எப்படி நடக்கும்

மேலிருந்து பார்க்கும் 2டி. ஒரு அறை 20 கட்டம் அகலம், 10 கட்டம் உயரம். அம்புக்குறி விசைகள் அல்லது WASD அழுத்தினால் ஒரு கட்டம் நகரும். அழுத்திப் பிடித்தால் 0.15 நொடிக்கு ஒரு அடி. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு குச்சி எரியும். வேறு விசை கிடையாது.

எரியும் குச்சி ஆடுபவரைச் சுற்றி 5 கட்டம் வரை காட்டும். அசையாமல் நின்றால் 4 நொடி எரியும். நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் கூடுதலாக அரை நொடி குறையும், காற்று பட்டுச் சீக்கிரம் அணைவது போல. மொத்த ஆட்டமும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கிறது. இது இல்லாவிட்டால் எல்லோரும் குச்சியைக் கொளுத்திக்கொண்டே ஓடுவார்கள், நினைவுக்கு வேலையே இருக்காது.

```
const BURN_TIME = 4.0
const STEP_COST = 0.5
const STEP_TIME = 0.15
const RADIUS = 5
```

இந்த எண்களின்படி ஒரு குச்சி வெளிச்சத்தில் நிற்காமல் நடந்தால் 6 அடி போகலாம், ஏழாவது அடியில் இருட்டு. அறைகளைச் சமன்படுத்த இதுவே என் அளவுகோல்: வாசலுக்கான மிகக் குறுகிய வழி, குச்சி எண்ணிக்கையின் ஆறு மடங்கைவிட நீளமாக இருக்க வேண்டும். மீதி வருவதுதான் கட்டாயம் இருட்டில் வைக்க வேண்டிய அடிகள். முதல் அறைகளில் அந்த மீதி இரண்டு மூன்று இருந்தால் போதும். கடைசி அறைகளில் பத்தைத் தாண்டலாம்.

சுவரில் மோதினால் தண்டனை இல்லை. "டொக்" என்று சத்தம் வரும், உருவம் லேசாக அதிரும். ஒலி இல்லாமல் ஆடுபவருக்கு அந்த அதிர்வே போதுமான தகவல். குழியில் விழுந்தால் அறை முதலிலிருந்து தொடங்கும், குச்சிகளும் திரும்பக் கிடைக்கும். உயிர் எண்ணிக்கை வேண்டாம். விழுந்தவர் குழி எங்கே என்று தெரிந்துகொண்டார், அதுவே அவருக்கு லாபம்.

முழு இருட்டிலும் ஆடுபவரின் இரண்டு கண்கள் மட்டும் ஒவ்வொரு பிக்சலாகத் தெரியும். அதுவும் இல்லையென்றால் நகர்ந்தோமா இல்லையா என்றே புரியாது.

மிச்சமான குச்சிகள் அடுத்த அறைக்கு வராது. வந்தால், இரண்டாவது அறையில் வீணாக்கியவர் ஏழாவது அறையில் வழியே இல்லாமல் மாட்டிக்கொள்வார். எந்தெந்த எண்ணிக்கையோடு யார் வருவார் என்று எல்லாச் சேர்க்கைகளையும் நான் சோதிக்க வேண்டியிருக்கும். தனியாள் வேலையில் அது நடக்காது.

அறைகள்

மொத்தம் 12. ஒவ்வொன்றும் வெறும் உரைக் கோப்பு. தனியாக லெவல் எடிட்டர் எழுத உட்கார்ந்தால் ஆட்டம் முடியாது, எடிட்டர்தான் முடியும். ஐந்தாவது அறை இப்போதைக்கு இப்படி:

```
####################
#P...#.......o.....#
#....#..o....o..#..#
#....#..o.......#..#
#..........oo...#..#
#....#..........####
#.o..#####..o......#
#.o......#..o......#
#........#.......X.#
####################
```

`P` தொடக்கம், `X` வாசல், `o` குழி. குறுகிய வழி 23 அடி, கொடுப்பது 3 குச்சி. 18 போக 5 அடி இருட்டில். முதல் குச்சியை இடது அறையில் கொளுத்தினால் சுவரில் உள்ள இடைவெளி தெரியும், வாசல் தெரியாது. எங்கே இரண்டாவதைக் கொளுத்துவது என்பதே இந்த அறையின் கேள்வி.

முதல் அறையில் குழியே இல்லை. திரையில் ஸ்பேஸ் பாரின் படம் மட்டும் இருக்கும், விளக்க உரை எதுவும் வராது. இரண்டாவதில் ஒரே ஒரு குழி, ஓடினால் விழும் இடத்தில். நான்காவதற்குப் பிறகு புது விதி எதுவும் அறிமுகமாகாது; வடிவங்கள்தான் கடினமாகும்.

செய்யும் முறை

Godot 4, GDScript. திரை 320×180 பிக்சல். 1280×720-க்கு நான்கு மடங்காகவும் 1920×1080-க்கு ஆறு மடங்காகவும் முழு எண்ணில் பெருகும், பிக்சல் சிதையாது. கட்டம் 16 பிக்சல் என்பதால் அறை 320×160. கீழே மிஞ்சும் 20 பிக்சல் பட்டையில் மீதமுள்ள குச்சிகள் வரிசையாக நிற்கும், எண் போடத் தேவையில்லை.

வெளிச்சத்துக்கு `PointLight2D` இருக்கிறது. ஆனாலும் 200 கட்டம்தானே, ஒவ்வொன்றின் தூரத்தையும் கணக்கிட்டு நிறத்தை நானே மங்கலாக்கிவிடலாம். வெளிச்சம் சுவரைத் தாண்டியும் தெரியும். யதார்த்தம் இல்லைதான், ஆனால் சுவருக்கு அப்பால் இருப்பதும் நினைவில் வைக்க வேண்டிய பொருளாகிவிடுகிறது. இயற்பியல் இன்ஜினும் வேண்டாம். அடுத்த கட்டம் என்ன எழுத்து என்று பார்த்தால் மோதல் முடிந்தது.

வெளியீடு பிரவுசரில், itch.io வழியாக. ஆடுபவர் ஏதாவது ஒரு விசையைத் தட்டும் வரை பிரவுசர்கள் ஒலியைத் தடுத்து வைக்கும். ஆகவே தொடக்கத் திரையில் ஒரு தீப்பெட்டி, "ஸ்பேஸ் பாரைத் தட்டவும்" என்ற வரி. முடித்த அறைகளின் எண் மட்டும் `user://save.cfg` கோப்பில் சேமிக்கப்படும்.

நிறங்கள் நான்கு. ஒலிகள் ஐந்து: உரசல், அணைதல், அடி, மோதல், விழுதல். இசை இல்லை, இருட்டில் காலடிச் சத்தத்தை எண்ணி நடக்கிறவருக்கு இசை இடைஞ்சல். குச்சி பற்றும்போது திரை வெள்ளையாக மின்னக் கூடாது, மெதுவாக மஞ்சளாக விரிய வேண்டும்.

இந்தப் பதிப்பில் வராதவை

எதிரிகள், சாவிகள், கதை, நேரப் போட்டி, கைபேசித் தொடுதிரை. எதிரிகளைப் பற்றி நண்பர்கள் கட்டாயம் கேட்பார்கள். இருட்டில் நகரும் எதிரியை நினைவில் வைக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அது வேறு விளையாட்டு.

வேலை வரிசை

முதல் வாரம்: சாம்பல் கட்டங்களுடன் மூன்று அறைகள், ஒலி இல்லாமல். அதை நண்பர்களிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாய் திறக்காமல் பார்ப்பேன். குச்சி அணைந்ததும் ஒரு நொடியாவது தயங்கிவிட்டு நடந்தால் யோசனை வேலை செய்கிறது. தயங்காமல் விசைகளைத் தட்டித் தடவிக்கொண்டே போனால் முதலில் `RADIUS`, பிறகு `BURN_TIME` என்று மாற்றிப் பார்ப்பேன். அப்போதும் அப்படித்தான் என்றால் இந்த ஆட்டத்தைக் கைவிட்டு வேறு யோசனைக்குப் போகலாம், படம் வரைவதற்கு முன்பே.

இரண்டு, மூன்றாம் வாரங்களில் மீதி அறைகள். நான்காவதில் படமும் ஒலியும். ஐந்தாவதில் பிழை திருத்தம், வெளியீடு. தாமதமானால் முதலில் வெட்டுவது 9 முதல் 12 வரையிலான அறைகள், அடுத்து சேமிப்பு வசதி. முதல் அறையை எந்தக் காரணத்துக்காகவும் அவசரமாக முடிக்கக் கூடாது.

இன்னும் முடிவாகாதவை

மிச்சக் குச்சிகளை அறையின் முடிவில் காட்டுவதா? காட்டினால் திரும்ப ஆடத் தோன்றும். ஆனால் முதல் முறையிலேயே கஞ்சத்தனமாக ஆடி, ரசிக்காமல் போகவும் வாய்ப்புண்டு. ஒரு குச்சி எரியும்போதே இன்னொன்றைக் கொளுத்தினால் நேரம் கூடுவதா, பழையது வீணாவதா? இப்போதைக்கு வீணாகும் என்றே எழுதுகிறேன். இரண்டையும் முதல் வாரச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்வேன்.