பிழைத்திருத்தல் பத்திரம்

2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி, திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம், பண்ணைக்காட்டில் வசிக்கும் முருகையா மகள் செல்வநாயகி (வயது 41) ஆகிய தங்களுக்கு, மேற்படி வட்டம் பூம்பாறையில் வசிக்கும் பெரியசாமி மகன் ராமசாமி (வயது 64) ஆகிய நான் எழுதிக்கொடுத்த பிழைத்திருத்தல் பத்திரம் என்னவென்றால்:

பூம்பாறை கிராமத்தில் எனக்குப் பிதுரார்ஜிதமாகக் கிடைத்த பூண்டுக்காட்டை, ரூ.18,50,000-க்குத் தங்களுக்குக் கிரையம் செய்து 14.06.2023-இல் பத்திரம் எழுதிக்கொடுத்தேன். அது கொடைக்கானல் சார்பதிவாளர் அலுவலகத்தில் 1 புத்தகம், 2023-ஆம் ஆண்டு 1367-ஆம் எண் ஆவணமாகப் பதிவாகியுள்ளது. தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன். அன்று முதல் நிலம் தங்கள் சுவாதீனத்தில் இருக்கிறது.

பட்டா மாறுதலுக்காக நிலஅளவர் புலப்படத்தை விரித்து, நம் இருவரையும் வைத்துக்கொண்டு வரப்போடு ஒப்பிட்டபோதுதான் பிழை தெரிந்தது. பத்திரத்தில் கண்ட 481/2பி, ஓடைக்கு வடக்கே மேட்டில் இருக்கும் வேறொருவர் காடு. அது எந்தக் காலத்திலும் எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. அதை நான் விற்கவும் இல்லை. அந்தப் பட்டாதாரருக்கு இந்தப் பிழையால் எந்தச் சங்கடமும் வந்துவிடக் கூடாது என்பதால் இதை இங்கே அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஆகவே மேற்படி கிரையப் பத்திரத்தில், சொத்து விவரத்தில் "481/2பி" என்று இருப்பதை "418/2பி" என்றும், "1 ஏக்கர் 62 சென்ட்" என்று இருப்பதை "1 ஏக்கர் 26 சென்ட்" என்றும் திருத்தி வாசித்துக்கொள்ள வேண்டியது. ஹெக்டேர் கணக்கு 0.51.0 என்று அதிலேயே சரியாக இருக்கிறது. ஏக்கர் கணக்கில்தான் எண் முன்பின்னாக மாறிவிட்டது. அப்புறம், முதல் பக்கத்தில் தங்கள் பெயர் "செல்வநாயகம்" என்று தட்டச்சாகியுள்ளது. அதை "செல்வநாயகி" என்று கொள்ள வேண்டியது.

எண்ணும் எழுத்தும் பிசகியதே தவிர, விற்ற நிலமும் நான்கு மாலும் விலையும் அன்று பேசியபடியேதான். இந்தத் திருத்தத்துக்காகப் புதிதாகத் தொகை எதுவும் கைமாறவில்லை. கிரையப் பத்திரத்தின் மற்ற ஷரத்துகள் அப்படியே செல்லும். இந்தப் பத்திரத்தை அதன் ஒரு பகுதியாகச் சேர்த்தே வாசிக்க வேண்டும். பட்டா மாறுதலுக்கு நான் நேரில் வர வேண்டியிருந்தால் தடை சொல்லாமல் வந்து கையெழுத்திட்டுத் தருவேன்.

திருத்திய சொத்து விவரம்

திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டம், பூம்பாறை கிராமம், புல எண் 418/2பி, புஞ்சை 0.51.0 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர் 26 சென்ட். இதற்கு மால்: 418/2ஏ நிலத்துக்கு வடக்கு, மண்பாதைக்குக் கிழக்கு, ஓடைக்குத் தெற்கு, 417 புல நிலத்துக்கு மேற்கு. இதற்குள்பட்ட நிலமும், அதிலுள்ள 6 பேரி மரங்களும், மண்பாதை வழியாகப் போய்வரும் பாத்தியமும் சேர்ந்தது.

வாசிக்கக் கேட்டு, சரியென்று ஒப்புக்கொண்டு, மனப்பூர்வமாகக் கையொப்பமிட்டோம்.

எழுதிக்கொடுப்பவர்: (ஒப்பம்) பெ. ராமசாமி
எழுதி வாங்குபவர்: (ஒப்பம்) மு. செல்வநாயகி

சாட்சிகள்:
1. (ஒப்பம்) க. வேலுச்சாமி, பூம்பாறை
2. (ஒப்பம்) சு. தங்கராஜ், பண்ணைக்காடு