பொருள்: ஞாயிறு வாக்-இன் நேர்முகத் தேர்வு, டோக்கன் 43 – நன்றியும் ஒரு திருத்தமும்

உசிலம்பட்டி,
திங்கள் இரவு.

மதிப்பிற்குரிய நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் மேடம் அவர்களுக்கு,

வணக்கம். மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பணிக்காக நேற்று வந்திருந்த மு. ரேவதி எழுதுகிறேன். நேற்று ஒரே நாளில் எத்தனையோ முகங்களைப் பார்த்திருப்பீர்கள். ஐவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று, சொட்டுக் கணக்கை யோசிக்காமல் பட்டென்று சொன்னவள் என்றால் ஞாபகம் வரலாம்.

முதலில் நன்றி. காலை எட்டரைக்கு டோக்கன் வாங்கினேன், என்னைக் கூப்பிடும்போது ஒரு மணியாகப் போகிறது. அதற்குள் நீங்கள் மூவரும் களைத்திருப்பீர்கள், ஏதோ இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடுவீர்கள் என்றுதான் நினைத்து உள்ளே வந்தேன். நீங்களோ என்னை உட்காரச் சொல்லி, "காலையில சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஃபைலைத் திறந்தீர்கள். இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பேசினீர்கள். வாக்-இன் என்றால் பெயர், அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம், "போன் பண்றோம்" என்பதுதான் எனக்குப் பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களையும் கவுன்சில் பதிவையும் சரிபார்த்து, அங்கேயே என் கையில் திருப்பித் தந்தீர்கள். "பத்திரமா வச்சுக்கோ" என்று வேறு சொன்னீர்கள். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரிஜினலை வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்ட பிறகு அதைத் திரும்ப வாங்க நான் நான்கு முறை நடந்தேன். அதனால் நேற்று ஃபைலை நீட்டும்போது என் கை கொஞ்சம் தயங்கியது. நீங்கள் கவனித்திருப்பீர்களோ என்று தெரியவில்லை. கவனித்திருந்தால் காரணம் இதுதான்.

இப்போது திருத்தம். உண்மையில் இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே இதுதான்.

500 மில்லி நார்மல் சலைன், நான்கு மணி நேரத்தில் போக வேண்டும், நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டீர்கள். "31 மேடம்" என்றேன். "எந்த செட்?" என்று கேட்டீர்கள். "சாதாரண செட்தான் மேடம்" என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். சரியாகச் சொல்லிவிட்டேன் என்ற நினைப்பில்தான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். செக்கானூரணி தாண்டும்போதுதான் நீங்கள் ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று உறைத்தது. உங்கள் ஸ்டாண்டில் தொங்கிய செட்டின் உறை மேசையிலேயே கிடந்தது. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று அதில் அச்சிட்டிருந்தது. நான் பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை.

நான் சொன்ன 31, மில்லிக்கு 15 சொட்டு விழும் செட்டுக்கான கணக்கு. பழைய மருத்துவமனையில் நான்கு வருடமும் எங்கள் வார்டுக்கு வந்தது அந்த செட்தான். அந்த எண் வாயில் ஊறிப்போய்விட்டது. உங்கள் செட்டுக்கு 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42 சொட்டு. நான் சொன்னபடி 31 வைத்திருந்தால் நான்கு மணி நேரத்தில் முடிய வேண்டிய பாட்டில் முடிய ஐந்தே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். திருப்பிப் பார்த்தால் இன்னும் மோசம். 42 என்று மனப்பாடம் செய்த ஒருத்தி 15 சொட்டு செட் இருக்கும் வார்டுக்குப் போனால், அதே பாட்டில் மூன்று மணி நேரத்துக்குள் உள்ளே போய்விடும். இதயம் பலவீனமான நோயாளிக்கோ, சிறுநீரகம் சரியில்லாதவருக்கோ அது மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். மைக்ரோ செட் என்றால் மில்லிக்கு 60 சொட்டு, அப்போது நிமிடத்துக்கு 125.

ஆக நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் எண்ணே இல்லை. "உறையைப் பார்த்துச் சொல்கிறேன் மேடம்" என்பதுதான். நீங்களும் அதற்குத்தான் எனக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று இப்போது புரிகிறது.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்றுதான் என் கணவரும் சொன்னார். "அவங்க மறந்திருந்தாலும் நீயே ஞாபகப்படுத்தப் போறியா?" என்றார். ஆனால் நீங்கள் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேனே. அதோடு, வார்டில் ஒரு தவறு நடந்தால் அதை ஒளிக்காமல் பொறுப்பு சிஸ்டரிடம் சொல்வாயா என்று ஹெச்.ஆர். சார் கேட்டபோது "கண்டிப்பா சார்" என்றேன். அன்றைக்கே ஒன்றை ஒளித்துவைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொன்னதாக ஆகக் கூடாது.

டாக்டர் கேட்ட கேள்விக்கும் ஒரு பாதி பாக்கி இருக்கிறது. நள்ளிரவு இரண்டு மணிக்கு நோயாளியின் பி.பி. 80/50, டியூட்டி டாக்டர் போன் எடுக்கவில்லை, என்ன செய்வீர்கள் என்று கேட்டார். படுக்கையைத் தட்டையாக்கிக் காலை உயர்த்துவது, கையால் நாடி பிடித்துப் பார்ப்பது, சர்க்கரையும் ஆக்சிஜன் அளவும் பார்ப்பது, எங்காவது ரத்தம் போகிறதா என்று துணியை விலக்கிப் பார்ப்பது, சிறுநீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்ப்பது, அடுத்த ஆன்-கால் டாக்டரையும் நைட் சூப்பர்வைசரையும் கூப்பிடுவது, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறிப்பது என்று வரிசையாகச் சொன்னேன். டாக்டர், "நேரம் எழுதுறதை எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். "பழக்கம் சார்" என்று மழுப்பிவிட்டேன். பழக்கம் இல்லை. அது ஒரு டெங்கு நோயாளியிடம் கற்றது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆன பையன், கல்லூரி மாணவன். காய்ச்சல் விட்டதால் அவன் அம்மாவுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. இரவு பி.பி. 90/70. மேல் எண் 90 இருக்கிறது, பரவாயில்லை என்று சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டேன். நேரத்தைக்கூடக் குறிக்கவில்லை. ரவுண்ட்ஸ் வந்த நைட் சூப்பர்வைசர் சிஸ்டர் சார்ட்டைப் பார்த்து, "ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவுடி இருக்கு?" என்று கேட்டார். இருபது. அவர் பையனின் பாதத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சில்லென்று இருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம், மேல் எண் விழுவதற்கு முன்பே இரண்டு எண்களும் நெருங்கி வரும் என்பதைப் படித்துத்தான் இருந்தேன். படித்ததும் படுக்கையில் இருந்ததும் அன்றைக்கு எனக்குள் ஒன்று சேரவில்லை. எப்போது பார்த்தது என்று சிஸ்டர் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பையன் ஐ.சி.யு.வில் இரண்டு நாள் இருந்து நன்றாகி வீட்டுக்குப் போனான். அந்த சிஸ்டர் என்னைத் திட்டவே இல்லை. அதற்குப் பிறகு நான் நேரம் எழுதாமல் எந்த எண்ணையும் எழுதியதில்லை.

அந்தப் பி.பி.யும் நேற்றைய 31-ம் ஒரே மாதிரித் தவறுதான் என்று பஸ்ஸில் தோன்றியது. எண்ணைப் பார்த்துவிட்டு, அது எதன் எண் என்று பார்க்காமல் விடுவது. முதல் தவறிலிருந்து மீண்டுவிட்டேன் என்று நினைத்திருந்தேன். முழுதாக இல்லை போலிருக்கிறது.

இரவுப் பணி பற்றிக் கேட்டபோது "பார்த்துக்கலாம் மேடம்" என்று சொன்னேன். அது பதிலே இல்லை, மன்னிக்கவும். வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டோம். மகனுக்கு இரண்டரை வயது, என் மாமியார் பார்த்துக்கொள்வார். இரவுப் பணி எனக்குப் பிரச்சினை இல்லை. சிரமம் காலை ஷிஃப்ட்தான். ஏழு மணிக்கு ஹேண்டோவர் என்றால் உசிலம்பட்டியிலிருந்து தினமும் நேரத்துக்கு வந்து சேர்வேன் என்று உறுதி கொடுக்க எனக்குத் துணிவில்லை. அதனால் வேலை கிடைத்தால் காலை ஷிஃப்ட் வாரங்களில் உங்கள் ஹாஸ்டலில் தங்கிக்கொள்கிறேன். ஹாஸ்டலில் இடம் இல்லையென்றால் அரசரடியில் என் சித்தி வீடு இருக்கிறது.

இரண்டு வருட இடைவெளியைப் பற்றி நீங்கள் கேட்ட விதத்துக்கும் நன்றி. "குழந்தைக்காக நின்னது குறையில்ல, கை மறந்துடுச்சான்னுதான் பார்க்கணும்" என்றீர்கள். கேனுலா போடக் கை மறக்கவில்லை, அதை டம்மி கையில் பார்த்தீர்கள். மறந்தது எது என்று எனக்கே தெரியும்: என் பி.எல்.எஸ். சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதைப் புதுப்பிக்க வரும் சனிக்கிழமை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன், சான்றிதழ் வந்தவுடன் அனுப்புகிறேன்.

சம்பளம் நீங்கள் சொன்னதே போதும். நான் யோசித்தது தொகையைப் பற்றி இல்லை, பஸ் செலவையும் ஹாஸ்டல் கட்டணத்தையும் மனதில் கூட்டிக்கொண்டிருந்தேன். இப்போது வேறு எங்கும் வேலையில் இல்லாததால், சொன்ன நாளிலிருந்து ஒரு வாரத்தில் சேர முடியும்.

டாக்டருக்கும் ஹெச்.ஆர். சாருக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள் மேடம். காத்திருந்த எங்களுக்கு இரண்டு தடவை தண்ணீரும், பதினொரு மணிக்கு டீயும் கொண்டுவந்து கொடுத்த அட்டெண்டர் அக்காவுக்கும் சொல்ல முடிந்தால் மகிழ்வேன். எனக்கு அடுத்த டோக்கன், இந்த வருடம்தான் படிப்பை முடித்த பெண், கை நடுங்க உட்கார்ந்திருந்தாள். "உள்ள இருக்கிற மேடம் நல்லவங்க, பயப்படாத" என்று அவளுக்குத் தெம்பு சொன்னவர் அவர்தான். பக்கத்தில் இருந்த எனக்கும் அது உதவியது.

என் விண்ணப்பப் படிவத்தில் கொடுத்த அலைபேசி எண்ணே நடைமுறையில் இருக்கிறது. பகலில் எடுக்கவில்லையென்றால் மகனைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பேன், உடனே திருப்பி அழைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. ரேவதி, ஜி.என்.எம்.
டோக்கன் எண் 43

இணைப்பு: கவுன்சில் பதிவுச் சான்றிதழ் நகல், முந்தைய பணி அனுபவச் சான்றிதழ் நகல், பி.எல்.எஸ். வகுப்புக் கட்டண ரசீது.

பி.கு.: படிவம் நிரப்ப வரவேற்பில் வாங்கிய நீலப் பேனா என் ஃபைலோடு உசிலம்பட்டி வந்துவிட்டது. வியாழக்கிழமை மதுரை வருகிறேன், வரவேற்பில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.