விசாவுக்குப் பணிச் சான்றுக் கடிதம்: மார்ச் 12 வியாழன் மாலைக்குள் தேவை (பணியாளர் எண் 4172)

மனிதவளக் குழுவினருக்கு,

வணக்கம். நான் கலைவாணி, கணக்குத் தணிக்கைப் பிரிவு. ஜெர்மனியில் இருக்கும் அக்காவைப் பார்க்க ஏப்ரல் 10 அன்று கிளம்புகிறேன். அதற்கான ஷெங்கன் விசாவுக்கு நிறுவனத்திடமிருந்து பணிச் சான்றுக் கடிதம் ஒன்று வேண்டும். விசா மையத்தில் மார்ச் 17, செவ்வாய் காலை 9.30 மணிக்கு நேரம் கிடைத்திருக்கிறது. கடிதம் மார்ச் 12, வியாழன் மாலைக்குள் என் கைக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமைதானே, திங்கள் கொடுத்தால் போதாதா என்று தோன்றலாம். ஏதாவது எழுத்துப்பிழை இருந்தால் திருத்தி வாங்க வெள்ளிக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது. அப்புறம் சனி, ஞாயிறு. திங்களன்று மற்ற ஆவணங்களோடு சேர்த்து நகலெடுக்க வேண்டும். இந்த நேரத்தைத் தவறவிட்டால், நேற்று தளத்தில் பார்த்தபோது அடுத்ததாகக் காட்டியது ஏப்ரல் 9. அது பயனில்லை. பயணத்துக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்பது ஷெங்கன் விதி. முடிவு சொல்லவும் வழக்கமாக 15 நாள் எடுத்துக்கொள்கிறார்கள், சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரைகூட ஆகலாம்.

நம் பணியாளர் தளத்திலேயே ஒரு சான்றிதழை இறக்கிக்கொள்ளலாம் என்று தெரியும். ஆனால் அதன் அடியில் "இது கணினியில் உருவாக்கப்பட்டது, கையெழுத்து தேவையில்லை" என்று ஒரு வரி வருகிறது. போன முறை வேறொரு விசாவுக்கு அதைத்தான் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதம் கொண்டுவாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதனால் இந்த முறை நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்து, முத்திரை, தேதியோடு ஆங்கிலத்தில் தாருங்கள். "விசா அதிகாரி, ஜெர்மனி துணைத் தூதரகம்" என்று விளித்தால் சரியாக இருக்கும்.

கடிதத்தில் வேண்டியவை இவைதான்: நான் 2019 ஜூன் 3 முதல் இங்கே நிரந்தரப் பணியாளர் என்பது, இப்போதைய பதவி, ஆண்டுச் சம்பளம். பதவி சென்ற அக்டோபரில் முதுநிலைத் தணிக்கையாளராக மாறியது. தளத்தில் இன்னும் பழைய பதவியே தெரிகிறது, அங்கிருந்து எடுத்து ஒட்டிவிட வேண்டாம். செலவை நானே பார்த்துக்கொள்வதாக விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், அதனால் சம்பளத்தை விட்டுவிட முடியாது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள் என்னிடமே இருக்கின்றன.

அடுத்தது விடுப்பு. ஏப்ரல் 10 முதல் 24 வரை 11 வேலை நாள். மேலாளர் பிப்ரவரி 20 அன்றே ஒப்புதல் கொடுத்துவிட்டார், அந்த மின்னஞ்சலை இணைத்திருக்கிறேன். விடுப்புக்கு ஒப்புதல் உண்டு, ஏப்ரல் 27 திங்கள் மீண்டும் பணிக்கு வருவார் என்ற இரண்டையும் கடிதத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். திரும்பி வருவேனா என்பதுதான் அவர்களின் முக்கியமான கேள்வி, அதற்கு இந்த ஒரு வாக்கியம்தான் பதில்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. நம் பதிவில் S. Kalaivani என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து KALAIVANI SUNDARAM என்று வரும். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். இனிஷியலால் வரும் குழப்பத்தை அந்தக் கவுன்டரில் விளக்கிக்கொண்டு நிற்க முடியாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலையும் இணைத்திருக்கிறேன்.

கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, அலுவலகத் தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவையும் கீழே இருக்க வேண்டும். தூதரகத்திலிருந்து சரிபார்க்க அழைத்தாலும் அழைப்பார்கள். யாராவது எடுக்கும் எண்ணாகக் கொடுத்தால் நல்லது.

உங்கள் வேலை குறையட்டும் என்று கடிதத்தை நானே எழுதி, வேர்டு கோப்பாக இணைத்திருக்கிறேன். நிறுவனத்துக்கென்று வேறு வாசகம் இருந்தால் தாராளமாக மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன விவரங்கள் விடுபடாமல் இருந்தால் போதும். கையெழுத்திடும் முன் ஒருமுறை மின்னஞ்சலில் அனுப்பினால் உடனே படித்துச் சொல்லிவிடுவேன்.

அசல் கடிதத்தை வாங்க நானே உங்கள் இருக்கைக்கு வருகிறேன். கையெழுத்திட வேண்டியவர் அடுத்த வாரம் விடுப்பில் இருக்கிறார் என்றால் மட்டும் நாளைக்குள் சொல்லிவிடுங்கள், வேறு யார் கையெழுத்திடலாம் என்று மேலாளரிடம் பேசிப் பார்க்கிறேன். உள் தொலைபேசி 218.

நன்றி.

சு. கலைவாணி
முதுநிலைத் தணிக்கையாளர், கணக்குத் தணிக்கைப் பிரிவு
மார்ச் 3, 2026

இணைப்பு: பாஸ்போர்ட் நகல், விடுப்பு ஒப்புதல் மின்னஞ்சல், விசா மைய நேர உறுதிச் சீட்டு, கடித வரைவு